வாரக் கூலிக்கு ஓடியா, டேர்ம் லோனா: ஒரு தையல் யூனிட்டின் கணக்கு

கேள்வி: திருப்பூரில் சிறிய அளவில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். வருடத்தில் இரண்டு பெரிய ஆர்டர் வரும்போது, பில் பணம் கைக்கு வரும்வரை கூலி கொடுக்க 6 லட்சம் வரை தேவைப்படுகிறது. ஓடி வாங்குவதா, டேர்ம் லோன் வாங்குவதா?

பதில்:

உங்களுடைய தேவைக்கு ஓடி, அதாவது லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் திரும்பக் கட்டும் ஓவர்டிராஃப்ட்தான் பொருந்தும். ஆனால் எந்த அடமானத்தின் மேல் அந்த ஓடியை வாங்குகிறீர்கள் என்பதில்தான் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது. வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் வட்டிக் கணக்கைப் பார்ப்போம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும் என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஓடிக்கு 12 சதவீதம், டேர்ம் லோனுக்கு 11 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஆர்டருக்கு ஆறு வாரம் தையல் வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் 1 லட்சம் கூலி. ஆறாவது சனிக்கிழமை சரக்கை அனுப்பி பில் போடுகிறீர்கள். அதிலிருந்து 30 நாள் கழித்துப் பணம் வருகிறது. ஓடியில் அன்றன்றைக்கு எடுத்து நிற்கும் தொகைக்கு மட்டுமே வட்டி. முதல் வாரம் எடுத்த 1 லட்சம் 65 நாள் வெளியே நிற்கிறது, இரண்டாவது வாரம் எடுத்தது 58 நாள், இப்படியே குறைந்து கடைசி வாரம் எடுத்தது 30 நாள். எல்லாவற்றையும் கூட்டினால், 1 லட்சம் ரூபாயை 285 நாள் பயன்படுத்தியதற்குச் சமம். 12 சதவீதத்தில் 1 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 33 ரூபாய். ஆக ஒரு ஆர்டருக்கு வட்டி சுமார் 9,400 ரூபாய், இரண்டு ஆர்டருக்கும் சேர்த்து 19,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அதே 6 லட்சத்தை மூன்று வருட டேர்ம் லோனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 19,600 ரூபாய் வரும்; முதல் வருடத்தில் மட்டும் வட்டியாகப் போவது 57,000 ரூபாய் அளவில் இருக்கும். விகிதம் ஒரு சதவீதம் குறைவு என்று சொல்லி மேலாளர் அதைக் காட்டினாலும், பயன்படாமல் கரண்ட் அக்கவுண்டில் கிடக்கும் பணத்துக்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். கரண்ட் அக்கவுண்ட் உங்களுக்கு வட்டி தராது.

வட்டியை விடப் பெரிய குறை வேறொன்று. உங்களுடைய தேவை ஆர்டருக்கு ஆர்டர் திரும்பத் திரும்ப வருகிறது. டேர்ம் லோனில் கட்டிய அசலோ திரும்ப எடுக்க முடியாதது. மேலே சொன்ன கடனில் பன்னிரண்டு தவணை கட்டி முடிக்கும்போது சுமார் 1.79 லட்சம் அசல் அடைந்திருக்கும். அடுத்த வருட ஆர்டர் வந்து மறுபடியும் 6 லட்சம் வேண்டும் என்று நிற்கும்போது, அந்த 1.79 லட்சத்தை வேறு எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். போதாததற்கு, பார்ட்டியிடமிருந்து ஒரு ரூபாய்கூட வராத முதல் மாதத்திலேயே தவணை விழும். கூலிக்கென்று வாங்கிய கடனிலிருந்தே அதைக் கட்ட வேண்டியிருக்கும்.

இனி ஓடியின் சிக்கலுக்கு வருகிறேன். சரக்கின் மேலும் வரவேண்டிய பாக்கியின் மேலும் வங்கி தரும் கடனைப் பலரும் பொதுவாக ஓடி என்றே சொல்கிறார்கள். வங்கியின் கணக்கில் அது பெரும்பாலும் கேஷ் கிரெடிட், அதாவது சிசி. இதில் லிமிட் 6 லட்சம் என்று சாங்ஷன் கடிதத்தில் இருப்பதால் 6 லட்சமும் எடுக்கலாம் என்று ஆகாது. மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலிருந்து வங்கி கணக்கிடும் டிராயிங் பவர் அளவுக்குத்தான் எடுக்கலாம். உங்கள் யூனிட்டில் மலைபோலக் குவிந்து கிடக்கும் துணி உங்களுடையதல்ல, ஆர்டர் கொடுத்தவருடையது. ஆகவே அதை ஸ்டேட்மெண்டில் காட்ட முடியாது. நூல், லேபிள், பாலி கவர் போன்ற சில்லறைச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும்தான் மிச்சம்.

உதாரணத்துக்கு, பழைய பார்ட்டிகளிடமிருந்து 5 லட்சம் வரவேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அதில் 1 லட்சம் 90 நாளைத் தாண்டிவிட்டது என்றால் பெரும்பாலான வங்கிகள் அதைக் கணக்கில் சேர்க்காது. மீதி 4 லட்சத்தில், வங்கி தன் பாதுகாப்புக்காகக் கடன் தராமல் விட்டுவைக்கும் மார்ஜினாக 40 சதவீதம் கழித்தால் டிராயிங் பவர் 2.4 லட்சம். புது ஆர்டருக்கு ஆறாவது வாரம்தான் பில் போடப்போகிறீர்கள் என்பதால், அதுவரை அந்த ஆர்டர் கணக்கிலேயே வராது. இதன்படி மூன்றாவது சனிக்கிழமைக் கூலிக்கே பணம் இடிக்கும். அதாவது, பணம் மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான் இந்தக் கடன் மிகக் குறைவாகக் கிடைக்கும்.

அதனால் உங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு நான் சொல்வது, சொத்து, வைப்பு நிதி அல்லது நகையின் மேல் வாங்கும் ஓடி. இதில் எடுக்கக்கூடிய தொகை அடமானத்தின் மதிப்பைப் பொறுத்தது. எந்த வாரம் பில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்காது. வைப்பு நிதி இருந்தால் அதுதான் மலிவு. டெபாசிட்டுக்குக் கிடைக்கும் வட்டியை விட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகத்தான் வழக்கமாக வாங்குவார்கள். சொத்தின் மேல் வாங்கினால் மதிப்பீடு, சட்டக் கருத்து, அடமானப் பதிவு என்று முதல் தடவை செலவு பிடிக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணமும் உண்டு. அதையும் எழுதிக் கேட்டு வாங்கி, மேலே சொன்ன 19,000 ரூபாயோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

லிமிட்டை 6 லட்சமாக வாங்காமல் சற்றுக் கூட்டிக் கேளுங்கள். மாதக் கடைசியில் வட்டி அதே கணக்கில்தான் பற்று வைக்கப்படும். 6 லட்சமும் எடுத்து நிற்கும்போது சுமார் 6,000 ரூபாய் வட்டி விழுந்தால் கணக்கு லிமிட்டைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டிய நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தாலோ, 90 நாளில் கணக்கில் வரவே இல்லாமல் போனாலோ, வந்த வரவு அந்தக் காலத்து வட்டிக்குக்கூடப் போதாமல் இருந்தாலோ, ரிசர்வ் வங்கி விதிப்படி அது வாராக்கடன் ஆகிவிடும். பார்ட்டிகளின் பணத்தை வேறு வங்கிக் கணக்கில் வாங்கிக்கொண்டு ஓடியை அப்படியே விட்டுவைப்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

டேர்ம் லோன் எப்போது சரி என்பதை உங்கள் ஓடி ஸ்டேட்மெண்டே காட்டிக்கொடுக்கும். ஒரு வருட ஸ்டேட்மெண்டை எடுத்து, ஒவ்வொரு மாதமும் பாக்கி எவ்வளவு தூரம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பணம் வந்தவுடன் பூஜ்யத்துக்கோ அதன் அருகிலோ இறங்கினால் ஓடி சரியாகப் பயன்படுகிறது. பணம் வந்தும் எந்த மாதமும் 3 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த 3 லட்சம் கூலிக்காக நிற்கவில்லை. மெஷின் வாங்கியதிலோ, கட்டட முன்பணத்திலோ, வீட்டுச் செலவிலோ, வராத பாக்கியிலோ உட்கார்ந்துவிட்டது என்று பொருள். நிரந்தரமாக நிற்கும் தொகைக்கு 12 சதவீத ஓடி வட்டி கட்டுவதில் லாபம் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் நடைமுறை மூலதன டேர்ம் லோனாக மாற்றித் தரும்படி கிளையில் கேட்கலாம். வங்கிகள் இதைச் செய்து தருகின்றன. மாதத் தவணையில் அது அடைந்துவரும், ஓடி லிமிட்டும் கூலிக்கென்று காலியாக இருக்கும். புது ஓவர்லாக் மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தாலும் ஓடியிலிருந்து எடுக்காமல், அதற்குத் தனியாக மெஷினரி டேர்ம் லோன் கேளுங்கள்.