சீனத் திரை மாறுவதற்குள் படிப்பது எப்படி?

"மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். போர் மோட்டாரைப் போனில் போட்டு நிறுத்த ஒரு கருவி வாங்கினேன். ஆப் முழுக்கச் சீன மொழி. அர்த்தம் பார்ப்பதற்குள் திரை மாறிவிடுகிறது. கடைசியில் சிவப்பாக ஏதோ வந்து மறைகிறது. என்ன செய்வது?"

ஐயா, முதல் ஓட்டத்தில் கருவியை இணைத்துவிட நினைக்காதீர்கள். அந்த ஓட்டம் திரையை வீடியோவாகப் பதிவு செய்ய மட்டும்தான். இப்படிப்பட்ட கருவிகள் விளக்கு மின்னும் சில நிமிடங்கள்தான் போனுக்காகக் காத்திருக்கும். நடுவில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் நேரம் முடிந்துவிடும்.

போனின் மேல்பகுதியை இரண்டு தடவை கீழே இழுத்தால் 'ஸ்கிரீன் ரெக்கார்டு' பொத்தான் இருக்கும். அதை அழுத்தும்போது, விரல் தொடும் இடத்தைக் காட்டும் தேர்வையும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு திரையிலும் மூன்று எண்ணும்வரை கையெடுத்து நில்லுங்கள். திரை நீளமாக இருந்தால் அடிவரை தள்ளி அங்கேயும் நில்லுங்கள்.

பதிவை வி.எல்.சி. பிளேயரில் கால் வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு திரையிலும் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் கொடுங்கள். தமிழில் குழப்பமாக வந்தால் ஆங்கிலத்திலும் பாருங்கள். பொத்தான்களை மட்டும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்: 下一步 என்றால் அடுத்தது, 确定 சரி, 取消 ரத்து. 恢复出厂设置 மீது கை வைக்காதீர்கள். போட்ட அமைப்பு எல்லாம் அழிந்துவிடும்.

அந்தச் சிவப்பு எழுத்தும் பதிவில் சிக்கியிருக்கும். அதில் 仅支持2.4G என்று இருந்தால், கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே ஏற்கும் என்று பொருள். உங்கள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்திருக்கும். ரவுட்டரில் 2.4-க்கு மாற்றிவிட்டு நோட்டைப் பார்த்து மறுபடி ஓட்டினால் இணைந்துவிடும்.

பதிவில் ஒரு திரை மட்டும் கறுப்பாக வந்தால் போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடவுச்சொல், பணம் கேட்கும் திரைகளைப் பதிவாகாமல் ஆப்பே தடுக்கலாம். மோட்டார் ஆப்பில் கடவுச்சொல் திரை என்றால் இன்னொரு போனால் படம் எடுத்துப் படிக்கலாம். பணம் கேட்கும் திரையாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட வங்கி விவரம் எதற்கு?

"நான் இங்கிருந்தே செய்து தருகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்று கடைக்காரரோ தரகரோ சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். பதிவு உங்கள் போனிலேயே இருக்கும். அவர் சொல்லும் ஆப் வழியாகத் திரையைப் பகிர்ந்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. அவர் கண்ணிலும் படும். இதில் பணம் இழந்தவர்களிடம் பேசிப் பேசி எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. இறக்குமதிப் பெட்டியில் விலையும் முகவரியும் அச்சிடச் சட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆப் விவசாயிக்குப் புரிகிறதா என்று கேட்கத்தான் யாருமில்லை.

இணைந்ததும் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல் அதில் இருக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப நோட்டுப் பக்கத்தின் படம் போதும்.