மூச்சு வந்த பிறகு ஆக்சிஜன் இறங்குவது ஏன்?

"தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவின் தூக்கப் பரிசோதனைச் சார்ட்டில் மூச்சு திரும்பிய பிறகுதான் ஆக்சிஜன் இறங்குகிறது. மெஷின் கோளாறா?"

இல்லை, தம்பி. நுரையீரலில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் விரல் நுனிக்கு வந்துசேர நேரம் பிடிக்கும். ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கிளிப்பும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டும். அதனால் ஆக்சிஜன் கோட்டில் விழும் பள்ளத்துக்கான காரணத்தை அரை நிமிடம் போல இடப்பக்கம் தள்ளித் தேடுங்கள். மூச்சை அளக்கும் மூக்குக் குழாயின் கோடு அங்கே 10 விநாடியாவது தட்டையாகக் கிடக்கும். அப்போது நெஞ்சுப் பட்டியின் கோடு ஏற, வயிற்றுப் பட்டியின் கோடு இறங்கினால், அப்பா மூச்சிழுக்கப் போராடுகிறார், தொண்டைதான் அடைத்திருக்கிறது. பட்டிகளும் தட்டையென்றால் கதை வேறு: மூளையிலிருந்து கட்டளையே போகவில்லை. அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

மூச்சுக்கோடு சீராக இருக்கும்போது ஆக்சிஜன் மட்டும் செங்குத்தாக விழுந்து எழுந்தால் கிளிப் நழுவியிருக்கலாம். ஜூலைக் குளிரில் விரல் சில்லிட்டாலும் இப்படித் தப்பாகக் காட்டும்.