நாற்காலி சீட்டில் ஸ்டேப்ளர் பின் எடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: அம்மா காலத்து டைனிங் நாற்காலி. ஸ்பாஞ்சை மட்டும் மாத்தணும், பழைய காட்டன் துணியையே திரும்பப் போடணும். கிழியாம பின்னை எப்படி எடுக்கிறது அண்ணா?

நாற்காலியைக் கவிழ்த்து, சீட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் சீட் தனியாக வந்துவிடும். அடியில் கறுப்புத் துணி இருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு மூலைகள். அடித்தவர் மூலை மடிப்பைத்தான் கடைசியில் அடித்திருப்பார், அதனால் அதுதான் முதலில் வர வேண்டும். பக்கங்களை முதலில் கழற்றிவிட்டால் சீட் துணியின் இழுவை முழுவதும் மூலையில் விழுந்து அங்கே கிழியும்.

மெல்லிய முனையுள்ள ஸ்க்ரூ டிரைவரைப் பின்னின் தலைக்கு அடியில், பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள். அதற்கும் துணிக்கும் நடுவே சுவருக்குப் பட்டி பூசும் தகடு ஒன்றை வையுங்கள். நெம்பும்போது அழுத்தம் தகட்டில் விழும், துணியில் விழாது. துணி பெரும்பாலும் கிழிவதற்குக் காரணம் பின் அல்ல, இந்த அழுத்தம்தான். ஒரேயடியாகத் தூக்காமல், லேசாக ஆட்டி, பின்னின் ஒரு கால் தளர்ந்ததும் நிறுத்துங்கள். மீதியை நோஸ் பிளேயரால் பிடித்து, பின் இறங்கிய அதே கோட்டில் நேராக மேலே இழுங்கள்.

கேள்வி: இதுக்கு ஆபீஸ்ல பேப்பர் பின் எடுக்கிற அந்த கிளிப் போதாதா?

போதாது. அது இரண்டு பக்கமும் பல் நுழைய இடம் கேட்கும். இங்கே தலை துணிக்குள் புதைந்திருக்கும், பல் நூலைத்தான் கவ்வும்.

கேள்வி: நான் துணியைப் பிடிச்சு ஒரே இழு இழுத்தேன், பாதிப் பின் அதோட வந்துடுச்சு. இவ்வளவு மெனக்கெடணுமா?

துணியைத் தூக்கிப் போடுவதென்றால் நீங்கள் செய்தது சரி. ஆனால் புதுத் துணி வெட்ட அதையே அளவாக வைக்க நினைத்தால், இழுத்த துணி நீண்டிருக்கும், அளவு தப்பும். மரத்தில் தங்கிய மீதிப் பாதியையும் எப்படியும் எடுக்க வேண்டும்.

கேள்வி: என்னுது ரெக்சின், கீழே பிளைவுட். பின் எடுத்தா பலகையே உரியுது. துருப்பிடிச்ச பின் ஒடிஞ்சும் போகுது. எண்ணெய் விடலாமா?

எண்ணெய் வேண்டாம். பலகையில் ஊறும், துணியில் கறை விடும். பிளைவுட்டில் ஸ்க்ரூ டிரைவரை மேல் அடுக்கின் ரேகை ஓடும் திசையில் நுழையுங்கள். குறுக்கே நெம்பினால்தான் அந்த அடுக்கு சிம்பாக எழும். துருப்பிடித்ததை நெம்பவே வேண்டாம். கட்டிங் பிளேயரால் தலையை நடுவில் வெட்டி, இரண்டு கால்களையும் தனித்தனியாக இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய துண்டு தெறிக்கும்.

கேள்வி: உள்ளேயே ஒடிஞ்ச கால்?

நுனி வெளியே தெரிந்தால் பிளேயரால் கவ்வி, பிளேயரையே பக்கவாட்டில் உருட்டுங்கள். தெரியாவிட்டால் நான் சுத்தியால் உள்ளே அடித்துவிடுவேன். புதுப் பின் அதில் மோதி வளையும் என்று அதைத் தோண்டி எடுக்கிறவர்களும் உண்டு. பழைய தேக்கில் தோண்டினால் ஓரம் பிளக்கிறது. அதனால் நான் புதுப் பின்னைச் சற்றுத் தள்ளி அடிக்கிறேன்.