சீதன நகை யாருக்குச் சொந்தம்?

"கல்யாணத்தில் போட்ட நகையெல்லாம் மாமியாரிடம் இருக்கிறது. இப்போது பிரிந்து வந்துவிட்டேன். எப்படித் திரும்ப வாங்குவது?"

திருமணத்துக்கு முன்போ, அன்றோ, பின்போ, பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் பெண்ணுக்கென்றே கொடுத்த நகை, பணம், பாத்திரம், துணி ஆகியவற்றை இந்தியச் சட்டம் ஸ்திரீதனம் என்கிறது. மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் இதில் சேராது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வைப்பதால் வீடு அவர்களுடையதாகிவிடாததைப் போல, நகையைப் பீரோவில் பூட்டி வைத்ததால் மாமியார் அதற்கு உரிமையாளர் ஆவதில்லை. தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே கூறிவிட்டது.

குடும்ப வன்முறை நடந்திருந்தால், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19(8) பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து பொருளைத் திரும்பக் கேட்கலாம். இல்லாவிட்டால் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுவது சாட்சியத்தில்தான் என்பதால், நகைக்கடை ரசீது, நகை தெரியும் கல்யாணப் படம், எடையுடன் கூடிய பட்டியல் ஆகியவற்றை முதலில் திரட்டுங்கள். முதலிரவன்றே 89 பவுனைக் கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்ததாகக் கூறிய கேரளப் பெண்ணின் வழக்கில், குற்ற வழக்கைப் போலச் சந்தேகமற்ற நிரூபணம் தேவையில்லை என்று கூறி, 2024-இல் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

விவாகரத்து ஆன பிறகுதான் நகையைக் கேட்க முடியும் என்று பலர் நினைப்பது தவறு. சேர்ந்து வாழும்போதும் அது அவளுடையதே.