லாவோன்: அரசரே ரத்து செய்த நகர உரிமை

"வட பிரான்சின் லாவோன் நகரத்தார் தங்களைத் தாங்களே ஆள அமைத்துக்கொண்ட கம்யூனுக்கு ஒப்புதல் தந்த ஆறாம் லூயி அரசரே 1112-இல் அதை ஏன் ரத்து செய்தார்? 1128 சாசனத்தில் கம்யூன் என்ற சொல்லே இல்லையே?"

எதிர்த்தரப்பு கூடுதல் பணம் பேசியது, அதனால்தான். உரிமை நீடிக்க நகரத்தார் 400 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். நகரை ஆண்டுவந்த ஆயர் கோத்ரி தரப்போ 700 என்றது. அப்புறம் அந்தப் பணத்தையும் மக்களிடமே வசூலிக்கப் பார்த்தார் ஆயர். கம்யூனுக்காக அவரவர் கொடுத்த அதே தொகையை, அதை ஒழிப்பதற்கும் கொடுக்க வேண்டுமாம்! ஊர் பொங்கி எழுந்தது. நிலவறையில் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த ஆயரை இழுத்து வந்து கொன்றார்கள்.

அந்த ரத்தக்கறையால்தான் சொல் மாறியிருக்க வேண்டும். 1128-இல் அதே அரசர் தந்த சாசனம் தன்னை 'அமைதி ஏற்பாடு' என்று அழைத்துக்கொள்கிறது. பெயரை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள்: வரி வரம்பு என்ன, குற்றத்தை விசாரிப்பவர் யார்? நகரத்தார் கேட்டது அங்கே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: தொகைகளைச் சொல்பவர் நோஜாந்த் மடாதிபதி கிபேர். சமகாலத்தவர், ஆனால் கம்யூனை வெறுத்தவர். ஆயரையும் அவர் கடுமையாகச் சாடுகிறார் என்பதால் பேரக்கதையை நான் நம்புகிறேன்.