வெளிநாட்டில் படிக்க உதவியவர்களுக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்றில் மாணவர்களின் நன்றிக் கடிதங்களை வாங்கிப் படித்து, கொடையாளர்களுக்கு அனுப்புவது பத்து வருடமாக என் வேலை. பெரும்பாலும் ஜெர்மனி போன பிள்ளைகள்தான். கேளுங்கள்.

ஜெர்மனியின் ஆகன் நகரிலிருந்து ஒரு மாணவி: சார், முதல் செமஸ்டர் முடிஞ்சது, சராசரி 2.3. அப்படியே எழுதலாமா?

எண்ணை மட்டும் எழுதாதீர்கள் அம்மா. எங்கள் கொடையாளர் ஒருவர் இரும்புக் கடை வைத்திருந்த பெரியவர். ஒரு கடிதத்தில் 2.3 என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பத்துக்கு ரெண்டா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டார். அன்று இரவு அவர் தூங்கவே இல்லையாம். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி என்று ஒரே வரியில் முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணைப் போடுங்கள். 2.3 நல்ல மதிப்பெண்தான். அதோடு, இரண்டு வருட முதுகலைக்கு மொத்தம் 120 கிரெடிட், அதில் இதுவரை எத்தனை முடித்தீர்கள் என்றும் எழுதுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பது சராசரியை விட அதில்தான் அவர்களுக்குப் புரியும். இன்னொன்று, எல்லோரிடமும் சொல்வது: நன்றிக் கடிதத்தில் அடுத்த தவணைப் பணம் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

பொறியாளர் ஒருவர்: எதுக்கு இவ்வளவு விளக்கம்? பவேரியன் சூத்திரத்தில் போட்டால் 2.3 என்பது 78 சதவீதம். அதை எழுதினால் முடிஞ்சது.

சூத்திரம் சரி, திசைதான் மாறிவிட்டது. நம் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றத்தான் அது. திருப்பிப் போட்டால், தேர்ச்சிக்கு 50 என்று வைத்தால் 78 வரும், 40 என்று வைத்தால் 74 வரும். சான்றிதழில் இல்லாத சதவீதத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டு, நாளை யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தந்தை: என் பையன் கனடாவில் வங்கிக் கடனில் படிக்கிறான். அவனும் இப்படி எழுதணுமா?

வங்கிக்கு மதிப்பெண் பட்டியல்தான் வேண்டும் ஐயா. கடன் வாங்கிய கிளையில் கேளுங்கள்.

அதே ஆகன் மாணவி: சார், மறைக்காமல் சொல்றேன். ஐந்து பாடம் எழுதினேன், ஒன்றில் 5.0. நாலில்தான் அந்த 2.3. இதையும் எழுதணுமா?

எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு 6 கிரெடிட் என்றால் 24 முடிந்தது, 6 பாக்கி. எந்தப் பாடம், ஏன் போனது, மறுதேர்வு எப்போது, இது எத்தனையாவது முயற்சி, மூன்று வரிகளில் அடங்கிவிடும். முயற்சியைச் சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முறைதான் வாய்ப்பு. கடைசி முறையும் போய்விட்டால் அந்தப் படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரலாம். முதல் முறையிலேயே சொன்னால் உதவ நேரம் இருக்கும், மூன்றாவதில் சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

முன்னாள் மாணவர்: அண்ணா, நான் அப்படித்தான் சொன்னேன். அடுத்த தவணை இரண்டு மாசம் நின்னுபோச்சு. வாடகைக்குக் கடன் வாங்கினேன். சொல்லச் சொல்றது சுலபம்.

கொடையாளர் ஒருவர்: நான் மூணு வருஷமா கொடுக்கிறேன். மதிப்பெண்ணே எனக்கு வேண்டாம். பிள்ளை நல்லா சாப்பிடுதா, குளிர் தாங்குதா, அது போதும்.

தம்பி, உங்களுக்கு நடந்தது தப்பு, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். எங்களிடம் ஒரு பாடத்துக்காகப் பணத்தை நிறுத்துவதில்லை, மற்ற அறக்கட்டளைகளுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் நிபந்தனை என்ன என்று பார்த்துவிட்டு, கடிதத்துக்கு முன்னால் பொறுப்பாளரிடம் போனில் பேசுங்கள். ஐயா, உங்களைப் போன்றவருக்குச் சாப்பாடும் குளிரும் எழுதட்டும், ஆனால் அறக்கட்டளைக் கோப்புக்கு மதிப்பெண் வேண்டும். இரண்டு தனித்தனிக் கடிதமாகவே இருக்கட்டும்.

முன்னாள் மாணவர்: போன் எடுக்கவே ஆள் இல்லாத இடத்துக்கு என்ன பண்ண?

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மின்னஞ்சலில் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறொருவர்: மாதிரிக் கடிதம் ஒன்று போடுங்களேன்.

போட மாட்டேன். ஒரு வருடம் ஒரே மாதிரியை நாலு பேர் அனுப்பினார்கள், நால்வருக்கும் கொடையாளர் ஒருவரே.

இன்னொருவர்: சார், மாதிரி லெட்டர் பிளீஸ்.

மேலே பாருங்கள்.

டிரெஸ்டன் மாணவர்: பகுதி நேர வேலை செய்றேன். எழுதினா உதவியை நிறுத்திடுவாங்களா? மதிப்பெண் பட்டியலும் இணைக்கணுமா?

வருடத்துக்கு 140 முழு நாள் வரை ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அனுமதி உண்டு, அதற்குள் என்றால் மறைக்க எதுவுமில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தச் செலவுக்கு என்று எழுதுங்கள். பட்டியலை இணைக்கும்போது மாணவர் எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடுங்கள், கடிதங்கள் பல கை மாறும். அடுத்த தவணை பற்றி இந்தக் கடிதத்தில் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.