டெர்மினல் வேல்யூவில் வளர்ச்சி இலவசமாக வருவதில்லை

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்அப்புக்கு, வருங்காலப் பணவரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் டிசிஎஃப் கணக்கை ஐந்து ஆண்டுக்குப் போட்டிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டிலும் 40% வளர்ச்சி. அதன்பின் நிலையான வளர்ச்சி 4% என்றால் மதிப்பில் 90%, ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய காலம் முழுவதற்குமான டெர்மினல் வேல்யூதான். அதையே 6% ஆக்கினால் தொகை எகிறுகிறது. எதை நம்புவது?

பதில்: 90% என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் சில ஆண்டுகள் பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும் நிறுவனத்தில் அது 100%-ஐத் தாண்டுவதும் உண்டு. கவலைப்பட வேண்டியது அந்த எகிறலைப் பார்த்துத்தான்.

முதலில், 40% வளரும் நிறுவனம் மறுநாளே 4%-க்கு இறங்காது. கணக்கைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டி, வளர்ச்சியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். டெர்மினல் வேல்யூவைப் பத்தாம் ஆண்டில் போடுங்கள்.

அப்புறம், உங்கள் ஷீட்டில் கடைசி ஆண்டைத் திறந்து பாருங்கள். மூலதனச் செலவும் தேய்மானமும் சமமாக, நடைமுறை மூலதன மாற்றம் பூஜ்யமாக இருக்கிறதா? பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். அப்படியென்றால் ஒரு பைசா போடாமலே நிறுவனம் என்றென்றும் வளர்கிறது என்று அர்த்தம்.

பத்தாம் ஆண்டின் வரிபோன இயக்க லாபம் 100, தள்ளுபடி விகிதம் 12% என்று வைத்துக்கொள்வோம். மறுமுதலீடு இல்லாமல் 4% வளர்ச்சி என்றால் அடுத்த ஆண்டின் 104-ஐ, 12%-இல் 4% போன 8%-ஆல் வகுக்க, 1,300 வருகிறது. 6% என்றால் 106-ஐ 6%-ஆல் வகுக்க, ஏறக்குறைய 1,767. இரண்டே புள்ளிக்கு 36% உயர்வு. நீங்கள் பார்த்த எகிறல் இதுதான்.

வளர்ச்சிக்கு உரிய செலவைக் கழித்துப் பாருங்கள். லாபத்தில் எத்தனை பங்கை மறுபடி முதலீடு செய்ய வேண்டும் என்பது, வளர்ச்சி விகிதத்தைப் புது முதலீட்டின் வருவாய் விகிதத்தால் வகுத்தால் கிடைக்கும். வருவாய் 16% என்றால் 4% வளர்ச்சிக்குக் கால் பங்கு லாபம் போய்விடும். 104-இல் கையில் நிற்பது 78, மதிப்பு 975. 6% வளர்ச்சிக்கு 37.5% போகும். நிற்பது 66.25, மதிப்பு சுமார் 1,104. உயர்வு 13%-க்குச் சுருங்கிவிட்டது.

சரி, அந்த 16% எங்கிருந்து வந்தது? அதைத்தான் நீங்கள் நியாயப்படுத்த வேண்டும். போட்டியாளர்கள் எளிதில் நுழையக்கூடிய தொழில் என்றால் வருவாய் 12%-க்கே இறங்கிவிடும் என்று வையுங்கள். அப்போது 4%-க்கு 867, 6%-க்கு 883. வளர்ச்சியை மாற்றியும் மதிப்பு ஏறக்குறைய அசையவே இல்லை. தள்ளுபடி விகிதத்துக்கு மேல் சம்பாதிக்காத வளர்ச்சி எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே 4-ஆ 6-ஆ என்று வாதிடுவதை விட, பத்து ஆண்டுக்குப் பிறகும் உங்கள் வாடிக்கையாளர் ஏன் விலகமாட்டார் என்பதற்கான காரணத்தை எழுதி, அதற்கு ஏற்ற வருவாய் விகிதத்தை ஷீட்டில் வையுங்கள்.